அட்வான்ஸைப் பிடித்துவைத்த வீட்டுக்காரருக்குக் கடிதம்: பிடித்தப் பட்டியலுக்கு வரிவரியாகப் பதில் எழுதுவது எப்படி

வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்து ஐந்து வாரம் ஆன பிறகு எனக்கு வந்தது ஒரு பட்டியல் மட்டும்தான், பணம் வரவில்லை. பெயின்டுக்கு இவ்வளவு, சுத்தம் செய்ததற்கு இவ்வளவு என்று ஐந்து வரிகள். அடியில், "மீதியை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் கணக்கு முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு குறிப்பு.

கோபத்தில் நான் எழுதிய முதல் கடிதம் நான்கு பக்கம். மூன்று வருடமாக நடந்த எல்லாக் கசப்பும் அதில் இருந்தது. எவ்வளவு பணம் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற இரண்டும்தான் இல்லை. அதற்குப் பதிலே வரவில்லை. இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். அதற்குப் பணம் வந்தது. அந்த இரண்டாவது கடிதத்தை எப்படித் தயார் செய்தேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக என் முன்பணத்தை 1000 என்று வைத்துக்கொள்கிறேன். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். எனக்கு வந்த பட்டியல் இது:

- வீடு முழுக்கப் பெயின்ட்: 300
- சுத்தம் செய்த கூலி: 90
- கை கழுவும் பேசின் மாற்றியது: 120
- கடைசி மின்கட்டணம்: 40
- இதரப் பராமரிப்பு: 50

மொத்தப் பிடித்தம் 600. அவர் கணக்குப்படியே எனக்கு 400 வர வேண்டும். அதுவும் வரவில்லை.

1. கடிதத்துக்கு முன்னால் ரசீது கேளுங்கள்

பட்டியல் வந்த அன்றோ மறுநாளோ ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். "ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ரசீதும், சேதத்தின் படமும் அனுப்புங்கள். 7 நாளில் எதிர்பார்க்கிறேன்." இவ்வளவு போதும். விவாதம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம்.

இந்த ஒரு வாரக் காத்திருப்பு வீண் இல்லை. எந்த வரிக்கு ரசீது வருகிறது, எதற்கு வரவில்லை என்பதே உங்கள் கடிதத்தின் பாதியை எழுதிக் கொடுத்துவிடும். எனக்குப் பெயின்டுக்கும் பேசினுக்கும் மட்டும் ரசீது வந்தது. பெயின்டர் ரசீதில் "4 அறைகள், 300" என்று இருந்தது. பேசின் ரசீதில் பேசின் 70, புதுக் குழாய் 50 என்று தனித்தனியாக இருந்தது. குழாய் உடையவே இல்லை. ரசீது கேட்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

இதைத் தொலைபேசியில் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால், பேசி முடித்ததும் "இன்று பேசியபடி, ரசீதுகளை அனுப்புவதாகச் சொன்னீர்கள்" என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கட்டாயம் வேண்டியவை நான்கு. முதலாவது வாடகை ஒப்பந்தம். இரண்டாவது, முன்பணம் கொடுத்ததற்கான ஆதாரம், அதாவது வங்கிக் கணக்கு விவரம் அல்லது ரசீது. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் பயப்பட வேண்டாம். "முன்பணமாக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்ற வரி பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். மூன்றாவது, சாவி ஒப்படைத்த தேதிக்கு ஆதாரம். நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதால் இது முக்கியம். "சாவி கிடைத்தது" என்று அவர் அனுப்பிய ஒரு செய்தி இருந்தாலும் போதும். நான்காவது, குடிவந்த நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த படங்கள்.

படங்களில் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற செயலியில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்கள் போய்விடும். ஆகவே அசல் கோப்பைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். ஒரு நகலை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். குடிவந்தபோது படம் எடுக்கவில்லை என்றால், பழைய செய்திகளைத் தேடுங்கள். நான் குடிவந்த வாரத்தில் வீட்டுக்காரரே "புதுசா பெயின்ட் அடிச்சிருக்கேன், பார்த்துக்கோங்க" என்று அனுப்பியிருந்தார். பெயின்டின் வயதை நிரூபிக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். முன்பணத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்ற இடம் ஒன்று, எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்ற இடம் இன்னொன்று. நாள் கணக்கை உங்கள் ஊர்ச் சட்டமே சொல்லியிருக்கவும் கூடும். நியூயார்க் மாநிலத்தில் 14 நாள், கலிபோர்னியாவில் 21 நாள், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் ஒரு மாதம் என்று இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்து விதியை வீட்டு வசதித் துறையின் தளத்திலோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ உறுதி செய்துகொண்டு, அந்தப் பிரிவின் எண்ணைக் குறித்து வையுங்கள். இணையத்தில் யாரோ எழுதிய வேறு ஊர் விதியைக் கடிதத்தில் போட்டால், மற்ற வரிகளின் மதிப்பும் அதோடு போய்விடும்.

3. பட்டியலை வரிவரியாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்

கடிதத்தின் உயிர் இந்த இடம்தான். ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இது சேதமா, இயல்பான தேய்மானமா? சேதம்தான் என்றால், அது நான் செய்ததா? நான் செய்ததுதான் என்றால், அதன் நியாயமான மதிப்பு எவ்வளவு?

வெயிலில் மங்கிய பெயின்ட், நடந்து நடந்து தேய்ந்த தரை, படம் மாட்டிய இடத்தில் இருக்கும் ஒன்றிரண்டு சின்ன ஆணி ஓட்டை ஆகியவை பொதுவாகத் தேய்மானத்தில் சேரும். வாடகை என்பதே அதற்கும் சேர்த்துத்தான். உடைந்த கண்ணாடி, கருகிய மேடை, குழந்தை கிறுக்கிய சுவர் ஆகியவை சேதம்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சேதம் நாம் செய்ததாகவே இருந்தாலும், பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் முழு விலையை நம்மிடம் வாங்குவது நியாயம் இல்லை. மிச்சம் இருந்த ஆயுளின் மதிப்பைத்தான் கேட்கலாம். கணக்கு எளிது: புதிதாகச் செய்ய ஆகும் செலவை மொத்த ஆயுளால் வகுத்து, மிச்சம் இருந்த வருடங்களால் பெருக்க வேண்டும்.

என் பட்டியலில் இது எப்படி வந்தது என்று பாருங்கள்.

பெயின்ட் 300. ஹால் சுவரில் என் மகள் கிரேயானால் வரைந்திருந்தாள். அது சேதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்ற மூன்று அறைகளில் சாதாரண மங்கல் தவிர எதுவும் இல்லை. ரசீதில் 4 அறைக்கு 300, ஆக ஓர் அறைக்கு 75. பெயின்டின் ஆயுளை 5 வருடம் என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் இருந்தது 3 வருடம், மிச்சம் 2. 75-ஐ 5-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 30. நான் ஒப்புக்கொண்டது 30, மறுத்தது 270.

ஆயுள் 5 வருடம் என்பது எல்லா இடத்துக்கும் பொதுவான எண் இல்லை. அவர் 7 என்று சொல்லலாம், நீங்கள் 4 என்று சொல்லலாம். நீங்கள் எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதைக் கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பேச்சு "தர மாட்டேன், தா" என்பதிலிருந்து "5-ஆ, 7-ஆ" என்பதற்கு நகரும். 7 என்று வைத்தாலும் எனக்கு 43 தான் வந்திருக்கும். 300-க்குப் பக்கத்தில்கூட வராது.

சுத்தம் செய்த கூலி 90. ரசீது இல்லை. சாவி கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்த காணொளி என்னிடம் இருந்தது. அடுப்பு மேடை, கழிவறை, அலமாரியின் உள்பக்கம் எல்லாம் அதில் தெரிந்தன. முழுவதையும் மறுத்தேன்.

பேசின் 120. விரிசல் எங்களால் வந்தது. பேசின் 70-ஐ ஒப்புக்கொண்டேன். அதன் வயது எனக்குத் தெரியாததால் தேய்மானம் கேட்கவில்லை. குழாய் 50-ஐ மறுத்தேன்.

மின்கட்டணம் 40. நாங்கள் இருந்த காலத்தின் கட்டணம். காலி செய்த நாளில் எடுத்த மீட்டர் படத்தோடு சரிபார்த்தேன், சரியாக இருந்தது. முழுவதும் ஒப்புக்கொண்டேன்.

இதரப் பராமரிப்பு 50. என்ன வேலை, எந்த அறை, யார் செய்தது, ஒன்றும் இல்லை. முழுவதையும் மறுத்தேன்.

ஆக ஒப்புக்கொண்டது 30, 70, 40, மொத்தம் 140. திரும்ப வர வேண்டியது 860.

தர வேண்டியதை மனதார ஒப்புக்கொள்ளுங்கள். எல்லா வரியையும் மறுக்கும் கடிதத்தை யாரும் நம்புவதில்லை. விஷயம் வேறு இடத்துக்குப் போனால், தீர்ப்புச் சொல்பவர் முதலில் பார்ப்பது யார் கணக்கு நியாயமாக இருக்கிறது என்பதைத்தான்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. "காலி செய்யும்போது பெயின்ட் செலவாக இவ்வளவு பிடிக்கப்படும்" என்று ஒப்பந்தத்தில் நிலையான தொகை எழுதியிருந்தால், மேலே சொன்ன தேய்மானக் கணக்கு அந்த வரிக்கு அவ்வளவாக நிற்காது. உங்கள் ஊர்ச் சட்டம் அப்படிப்பட்ட நிபந்தனையை அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அனுமதித்தால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றவற்றில் கவனம் வையுங்கள்.

4. கடிதத்தை எழுதுங்கள்

பெறுநர் ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கையெழுத்துப் போட்டவராக இருக்க வேண்டும், தரகர் இல்லை. இருவராகக் கையெழுத்துப் போட்டு வாடகைக்கு எடுத்திருந்தால் இருவருமே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுவது நல்லது. நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

> பொருள்: (முகவரி) வீட்டுக்கான முன்பணம் 1000-இல் 860-ஐத் திருப்பித் தரக் கோருதல்
>
> ஐயா,
>
> மேற்படி வீட்டில் 3 வருடம் வாடகைக்கு இருந்து, ஏப்ரல் 30 அன்று காலி செய்து சாவியை உங்களிடம் ஒப்படைத்தேன். ஒப்பந்தத்தின்படி நீங்கள் பெற்ற முன்பணம் 1000. ஜூன் 5 அன்று நீங்கள் அனுப்பிய பட்டியலில் 600 பிடித்தம் காட்டியிருக்கிறீர்கள். ஜூன் 6 அன்று ரசீதுகள் கேட்டேன். இரண்டு இனங்களுக்கு மட்டும் ரசீது கிடைத்தது. என் பதில் வருமாறு:
>
> 1. பெயின்ட் 300: ஹால் சுவருக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ரசீதின்படி ஓர் அறைக்கு 75. பெயின்டின் ஆயுள் 5 வருடம், பயன்படுத்தியது 3 வருடம். ஒப்புக்கொள்ளும் தொகை 30. (இணைப்பு 1, 2)
> 2. சுத்தம் 90: ஏற்கவில்லை. ரசீது இல்லை. ஒப்படைத்த நாளின் படங்கள் இணைப்பில் உள்ளன. (இணைப்பு 3)
> 3. பேசின் 120: பேசினுக்கு 70 ஒப்புக்கொள்கிறேன். குழாய் சேதமடையவில்லை என்பதால் 50-ஐ ஏற்கவில்லை. (இணைப்பு 4)
> 4. மின்கட்டணம் 40: ஒப்புக்கொள்கிறேன்.
> 5. இதரப் பராமரிப்பு 50: ஏற்கவில்லை. விவரமும் ரசீதும் இல்லை.
>
> ஒப்புக்கொள்ளும் மொத்தம் 140. திருப்பித் தர வேண்டியது 860. இந்தத் தொகையை ஜூன் 30-ஆம் தேதிக்குள் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கோருகிறேன். உங்கள் பட்டியல்படியே எனக்குரிய 400-ஐப் பிடித்துவைக்க எந்தக் காரணமும் இல்லை. அதை எந்த நிபந்தனையும் இல்லாமல் உடனே செலுத்தவும்.
>
> அந்தத் தேதிக்குள் பணமோ ஆதாரத்துடன் கூடிய பதிலோ வராவிட்டால், உரிய மன்றத்தில் இந்தக் கடிதத்துடன் மனு அளிப்பேன்.

கீழே கையெழுத்து, தேதி, தற்போதைய முகவரி, வங்கிக் கணக்கு விவரம், இணைப்புகளின் பட்டியல். உங்கள் ஊர் விதி எண் தெரிந்தால் தொகையைக் கோரும் வரியில் சேர்த்துவிடுங்கள். இணைப்புகளுக்கு நகல்தான், அசலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

"15 நாளில்" என்று எழுதுவதைவிடத் தேதியைப் போடுவது நல்லது. எந்த நாளிலிருந்து 15 என்ற சண்டை வராது. தபால் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. எழுதக் கூடாதவை

போலீஸில் சொல்வேன், ஊர் முழுக்கப் போட்டு நாறடிப்பேன் என்பது போன்ற மிரட்டல் எதுவும் வேண்டாம். அந்த வரியைக் காட்டித்தான் அவர் தப்பிக்கப் பார்ப்பார். ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் இல்லாத வட்டியையோ நஷ்ட ஈட்டையோ கேட்காதீர்கள். கேட்டால் 860 என்ற சரியான எண்ணும் பேரம் போலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று நிறையப் பேர் செய்வது. மாதிரிக் கடிதத்தைப் பார்த்து மேலே "உரிமைக்குப் பாதகமின்றி" என்று போட்டுவிடுவார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஆங்கிலச் சட்ட மரபு உள்ள இடங்களில் அது சமரசப் பேச்சுக்கான அடையாளம். அப்படிக் குறித்த சமரசக் கடிதத்தைப் பொதுவாக நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. கோரிக்கைக் கடிதமோ காட்டுவதற்காகவே எழுதுவது. "800 கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்ல நினைத்தால் அதைத் தனிக் கடிதத்தில் சொல்லுங்கள். அங்கே அந்தக் குறிப்பைப் போடலாம்.

6. அனுப்புவது, செலவு, நாள்

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபால் எதுவானாலும் சரி. தபால் ரசீதைக் கடித நகலின் பின்பக்கம் பின் செய்து வையுங்கள். அதே நாளில் அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் செய்தியிலும் அனுப்பி, "அசல் தபாலில் வருகிறது" என்று ஒரு வரி சேருங்கள். வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். மறுத்ததற்கான தபால் குறிப்போடு ஒட்டியபடியே இருக்கும் உறைதான் நீங்கள் அனுப்பியதற்குச் சாட்சி.

இதுவரை செலவு நகல் எடுத்ததும் தபாலும் மட்டும்தான். வழக்கறிஞர் நோட்டீஸ் அடுத்த படி. அதற்கு முன் அவர் கட்டணத்தையும் தகராறில் இருக்கும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தகராறு 460 மட்டுமே, 400-ஐ வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டிருந்தார். அந்தத் தொகைக்கு வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால் நானே எழுதினேன். வாடகை மன்றம், சிறு தொகை வழக்கு மன்றம், முன்பணத் தகராறு மையம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பல இடங்களில் வழக்கறிஞர் இல்லாமலே மனுப் போடலாம். மனுவுக்கு ஒரு கால வரம்பு இருக்கும், சில மையங்களில் அது சில மாதங்கள்தான். அதனால் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக் காலத்தை ஓட்டிவிடாதீர்கள்.

7. பதில் வந்த பிறகு

எனக்கு ஜூன் 24 அன்று 400 வந்தது, கூடவே ஒரு தொலைபேசி அழைப்பும். இந்த இடத்தில் கவனமாக இருங்கள். பகுதிப் பணம் வந்தால், அன்றே "400 கிடைத்தது. இது 860-இல் ஒரு பகுதி. மீதி 460-ஐ எதிர்பார்க்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். "முழுத் தீர்வாக" என்று எழுதிய காசோலையாக வந்தால், விசாரிக்காமல் வங்கியில் போடாதீர்கள். சில இடங்களில் அதை மாற்றிக்கொள்வதே முழுத் தீர்வை ஏற்றதாக ஆகிவிடும்.

அழைப்பில் அவர் 380 தருவதாகவும், சுத்தம் செய்த கூலியில் 80 மட்டும் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார். எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அவர் எழுதியதற்கு, அந்த 90-க்கு ரசீது காட்டினால் யோசிக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். ரசீது வரவில்லை. ஜூன் 29 அன்று 440 வந்தது, 20 குறைவு. அந்த 20-க்காக மனுப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த 440-ம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கணக்கு முடிந்ததாக எழுதிக் கொடுத்தேன். அதிலும் அவர் தயார் செய்த வாசகத்தில் கையெழுத்துப் போடவில்லை. "மேற்படி வீட்டின் முன்பணம் தொடர்பாக ஜூன் 24 அன்று 400, ஜூன் 29 அன்று 440, மொத்தம் 840 பெற்றுக்கொண்டேன். முன்பணக் கணக்கு இத்துடன் முடிந்தது. பிடித்தங்கள் பற்றி இரு தரப்புக்கும் இனிக் கோரிக்கை இல்லை" என்று நானே எழுதி, "இரு தரப்புக்கும்" என்ற சொல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்திட்டோம்.